போர்டு இருந்தது, ஆனால் எங்கே இருந்தது?

கேள்வி: "சேர், நுவரெலியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேனேஜராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மழையில் ஒரு அம்மா வாசலுக்குள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. தரை வழுக்கும் என்ற எச்சரிக்கை போர்டு வைத்திருந்தோம். மகன் வழக்குப் போடுவேன் என்கிறார். நான் என்ன எழுதி வைக்க வேண்டும்?"

போர்டு இருந்ததா என்பதோடு விஷயம் முடியாது. அவர் விழுந்த இடத்திலிருந்து அது எத்தனை அடி தள்ளி இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து நின்றது, உள்ளே வருபவர் ஈரத்தில் கால் வைக்கும் முன்னே அதைப் பார்த்திருக்க முடியுமா, இதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். ஈரம் வாசலில், போர்டு கேஷ் கவுண்டர் பக்கம் என்றால் அது இருந்தும் பெரிய பயனில்லை. சிங்களத்தில் மட்டும் இருந்ததா, தமிழிலும் இருந்ததா, படம் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். காலையில் வைத்து இரவில்தான் எடுப்போம் என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

அடுத்தது தரை. "தரை ஈரமாக இருந்தது" என்று எழுதினால் போதாது. குடையிலிருந்து சொட்டிய தண்ணீரா, செருப்போடு வந்த சேறா, கூரை ஒழுக்கா, உங்கள் பையன் மொப் அடித்து விட்டுப்போன ஈரமா? மழைத் தண்ணீர் நிமிடத்துக்கு நிமிடம் வரும், அதற்கு ஓரளவு சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரு வாரமாக ஒழுகும் கூரைக்கு என்ன சொல்வது? கால்மிதி போட்டிருந்ததா, அது ஏற்கெனவே ஊறிப்போய் இருந்ததா, கடைசியாக யார், எத்தனை மணிக்குத் துடைத்தார்கள் என்பதை அந்தப் பையனிடமே கேட்டு எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.

ஞாயிறு நடந்ததை இன்று எழுதுகிறீர்கள் என்றால் இன்றைய திகதியைத்தான் போட வேண்டும். அன்றே எழுதியதுபோல் காட்டினால், அது தெரியவரும் நாளில் உங்கள் சம்பவப் புத்தகத்தில் உள்ள உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் தனித்தனியாக எழுதுங்கள். அந்த அம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "கவனமில்லாமல் நடந்தார்", "எங்கள் தவறு" இரண்டும் வேண்டாம், அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். இரு பக்கமும் தவறு இருந்தால் நட்டஈட்டைப் பங்கிட 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது, அதனால்தான் போர்டு நின்ற இடம் இவ்வளவு முக்கியம்.

இனி யாராவது விழுந்தால் முதலில் ஆளைப் பாருங்கள், தேவையானால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அப்புறம் துடைப்பதற்கு முன் இரண்டு படம் எடுங்கள்: ஒன்று ஈரத்துக்குக் கிட்ட, ஒன்று வாசலும் போர்டும் ஒன்றாகத் தெரியும்படி. போர்டை நகர்த்தி வைத்துப் படம் எடுக்கவே கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது சிசிடிவி. பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும். விழுந்த நிமிடத்தை மட்டும் வெட்டாமல், அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தையும் சேர்த்துப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள், எப்போது துடைத்தீர்கள் என்பது அதில்தான் இருக்கும். காயத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட அவர்களுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை பென் டிரைவும் புத்தகமும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.