கேட் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு எனக்கு நுழைவுத் தேர்வு. 9:30-க்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்று ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. ஒரு பஸ், ஒரு ரயில், அப்புறம் கொஞ்சம் நடை. மேப்பில் 1 மணி 10 நிமிடம் காட்டுகிறது. 8 மணிக்குக் கிளம்பினால் போதுமா? முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: போதாது. வந்து சேரவேண்டிய நேரத்தைக் கொடுத்து மேப்பில் தேடினால், அந்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசி வண்டிகளைத்தான் பெரும்பாலும் முதலில் காட்டும். அதில் ஒரு வண்டி தவறினாலும் கேட் மூடிவிடும். வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு 5 நிமிடம், பஸ்ஸில் 20, இறங்கி பிளாட்ஃபாரம் போக 8, ரயிலில் 25, கடைசி நடை 12 என்று வைத்துக்கொண்டால், அந்த 70 நிமிடம் வந்துவிடுகிறது. காத்திருக்கும் நேரம் இதில் சேரவே இல்லை.

அதனால் 10 மணியை மறந்துவிட்டு 9:30-லிருந்து பின்னோக்கி வாருங்கள். ஞாயிறன்று ரயில் 20 நிமிடத்துக்கு ஒன்று, 8:00, 8:20, 8:40 என்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கடைசி நடைக்குக் கூட்டத்தையும் சேர்த்து 15 நிமிடம் கொடுங்கள். 8:40 ரயிலில் ஏறினால் 9:20-க்குக் கேட்டில் நிற்பீர்கள். அது பிழைத்துக்கொள்ளும் வழி மட்டும்தான், அதைத் திட்டமாக வைக்காதீர்கள். நீங்கள் குறிவைக்க வேண்டியது 8:00 ரயில். அது போய்விட்டாலும், ரத்தானாலும், பின்னால் இன்னும் இரண்டு இருக்கின்றன. மொத்தமாக 'ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விடுவோம்' என்று நினைப்பதைவிட, கையில் எத்தனை வண்டி மிச்சம் என்று எண்ணுவதுதான் சரியான கணக்கு.

பஸ்ஸுக்கும் இதே கணக்குதான். 15 நிமிடத்துக்கு ஒன்று வருகிறதென்றால், 7:25 பஸ் உங்களை 8:00 ரயிலில் சேர்க்கும். அடுத்த 7:40 பஸ்ஸில் 8:20 ரயில் கிடைக்கும். ஆகவே 7:15-க்கு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.

இதோடு இரண்டு முடிவுகளை இப்போதே எடுத்து ஹால் டிக்கெட்டோடு ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். 7:45 வரை பஸ் வரவில்லையா, ஸ்டேஷனுக்கு டாக்சி பிடியுங்கள். 8:30 ஆகியும் ரயில் கிடைக்காமல், 8:40-ம் தாமதம் என்று பலகையில் வந்தால், அங்கிருந்து நேராக மையத்துக்கு டாக்சி. வண்டி வர 10 நிமிடம், ஓட்டம் 40 நிமிடம் என்றாலும் 9:20 ஆகிவிடும். இதை அங்கே நின்றுகொண்டு யோசித்தால் 'இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்' என்றுதான் தோன்றும். பலருக்கு நேரம் போவது அந்த ஐந்து ஐந்து நிமிடங்களில்தான்.

முன்கூட்டியே போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் சனிக்கிழமை போய்ப் பயனில்லை. பல ஊர்களில் ஞாயிறு அட்டவணை வேறு. முதல் வண்டி தாமதமாகத் தொடங்கும், இடைவெளியும் கூடும். முந்தைய ஞாயிறு, அதே 7:15-க்குக் கிளம்புங்கள். வண்டி அட்டவணைப்படி வந்ததா, எத்தனை மணிக்கு வந்தது என்று ஒவ்வொரு இடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். தவறான வாசலில் வந்தால் சாலையைச் சுற்றிக்கொண்டு வர நேரலாம். மையத்தின் எதிரில் நின்று திரும்பிவிடாமல், தேர்வர்களை எந்தக் கேட்டில் விடுவார்கள் என்று காவலரிடம் கேளுங்கள். பெரிய வளாகமென்றால் ஒரு கேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவே பத்து நிமிடம் ஆகலாம். ஒரே பெயரில் இரண்டு வளாகங்கள் இருப்பதும் உண்டு, ஆகவே பெயரோடு முகவரியையும் ஹால் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒத்திகைக்கும் ஓர் எல்லை உண்டு. அன்று பார்த்தது ஒரு நாளின் நிலவரம். தேர்வு நாளில் உங்களைப் போலவே நூற்றுக்கணக்கானவர்கள் அதே ஸ்டேஷனில் இறங்குவார்கள். ஆகவே கடைசித் தூரத்துக்கு இணைப்பு பஸ்ஸை நம்பாமல் நடப்பதே நல்லது. பயண அட்டையில் முந்தைய நாளே பணம் ஏற்றிவிடுங்கள், கவுன்டர் வரிசை மிச்சம். தண்டவாளப் பராமரிப்பைப் பெரும்பாலும் ஞாயிறுகளில்தான் வைத்துக்கொள்வார்கள். அதனால் சனிக்கிழமை இரவு உங்கள் தடத்துக்கு அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், 8:00 ரயிலுக்குப் பதிலாக 7:40 ரயிலைக் குறிவைத்து, வீட்டிலிருந்து 6:55-க்கே கிளம்பிவிடுங்கள்.