விளிம்புகளுக்கு ஏன் ஒரு நிறம் மட்டும் கூடுதல்?

வணக்கம்,

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட ஒரு கோட்டுருவில் விளிம்புகளுக்கு நிறம் கொடுக்கிறோம், ஒரு முனையில் சேரும் எந்த இரண்டு விளிம்புகளுக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. ஒரு முனையில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை, அதாவது அதன் படி, அதிகபட்சம் Δ என்றால் Δ நிறங்களாவது வேண்டும் என்பது தெளிவு. ஆனால் ஒரு விளிம்பு தன் இரு முனைகளிலும் சேர்த்து 2Δ−2 விளிம்புகளைத் தொடலாமே, அப்படியானால் 2Δ−1 நிறம் அல்லவா வேண்டும்? Δ+1 போதும் என்று விசிங் தேற்றம் சொல்கிறது. நிரூபணத்தைப் படித்தேன், குறியீடுகளில் தொலைந்துபோனேன். உள்ளே என்னதான் நடக்கிறது?

முகுந்தன்

அன்புள்ள முகுந்தன்,

ஒருமுறை கொடுத்த நிறத்தை மாற்றவே மாட்டேன் என்று பிடிவாதமாக வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால்தான் 2Δ−1 வரை போக நேரிடும். பழைய நிறங்களை மாற்றலாம் என்று அனுமதித்துவிட்டால் கதையே வேறு. விசிங் 1964-இல் காட்டியது இதைத்தான். குறியீடுகளை விட்டுவிடுவோம், Δ = 3 என்று வைத்துக்கொண்டு முழு நிரூபணத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதன் உயிர் முழுக்க இந்தச் சின்ன வழக்கிலேயே இருக்கிறது.

கையில் நான்கு நிறங்கள்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஒரு முனையில் மூன்று விளிம்புகளுக்கு மேல் இல்லை, ஆகவே ஒவ்வொரு முனையிலும் ஒரு நிறமாவது பயன்படாமல் மிச்சம் இருக்கும். அந்தக் கூடுதல் ஒன்று தருவது இந்த மிச்சத்தைத்தான்.

எல்லா விளிம்புகளுக்கும் நிறம் கொடுத்தாகிவிட்டது, ம, க என்ற முனைகளை இணைக்கும் ஒன்று மட்டும் பாக்கி என்று கொள்ளுங்கள். அதற்கு நிறம் இல்லாததால் ம, க இரண்டிலும் குறைந்தது இரண்டிரண்டு நிறங்கள் மிச்சம். பொதுவாக ஒரு நிறம் இருந்தால் அதையே கொடுத்து முடித்துவிடலாம். இல்லையென்றால் நிலைமை ஒரே மாதிரிதான் இருக்க முடியும்: ம-வில் பச்சையும் மஞ்சளும் மிச்சம், க-வில் சிவப்பும் நீலமும் மிச்சம். ம-விலிருந்து சிவப்பு விளிம்பு ச-வுக்குப் போகிறது, நீல விளிம்பு ட-வுக்குப் போகிறது.

இப்போது ச-வைப் பாருங்கள். அங்கே பச்சையோ மஞ்சளோ மிச்சம் இருந்தால் மச விளிம்பை அந்த நிறத்துக்கு மாற்றி, விடுபட்ட சிவப்பை மக-வுக்குக் கொடுத்துவிடலாம். அதுவும் இல்லை என்றால், ச-வில் சிவப்பு ஏற்கெனவே இருப்பதால், மிச்சம் இருப்பது நீலம் மட்டும்தான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. கோட்டுருவில் பச்சை, நீல விளிம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். எந்த முனையிலும் இரண்டுக்கு மேல் விளிம்பு மிஞ்சாது, எனவே எஞ்சுவது தனித்தனிப் பாதைகளும் சுழல்களும் மட்டுமே. ம-வில் பச்சை இல்லை, க-விலும் ச-விலும் நீலம் இல்லை, ஆகவே மூன்றுமே பாதையின் நுனிகள். ஒரு பாதைக்கு நுனி இரண்டுதான்! மூன்றும் ஒரே பாதையில் இருக்கவே முடியாது.

க, ம-வின் பாதையில் இல்லையென்றால், க-வின் பாதை முழுவதும் பச்சையையும் நீலத்தையும் இடம் மாற்றுங்கள். க-வில் பச்சை மிச்சமாகிவிடும், ம-வில் ஏற்கெனவே மிச்சம், எனவே மக-வுக்குப் பச்சை. க அதே பாதையில்தான் இருக்கிறது என்றால் ச அதில் இருக்க முடியாது. அப்போது ச-வின் பாதையில் இடம் மாற்றி, மச-வைப் பச்சையாக்கி, சிவப்பை மக-வுக்குக் கொடுங்கள். முடிந்தது. Δ பெரிதானால் ச-வுக்குப் பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று என்று விசிறி மாதிரி நீளும், ஆனால் ம-வின் அண்டை முனைகள் எண்ணி முடிபவை என்பதால், ம-விலும் மிச்சமுள்ள ஒரு நிறம் கிடைத்து முடியும், இல்லையென்றால் ஏதோ ஒரு நிறம் திரும்ப வந்தே தீரும், அங்கே இதே மூன்று நுனி வாதம் கைகொடுக்கும்.

க-வும் ச-வும் வேறு வேறு முனைகள் என்பதைச் சத்தமில்லாமல் பயன்படுத்திவிட்டேன், கவனித்தீர்களா? இரண்டு முனைகளுக்கிடையே பல விளிம்புகளை அனுமதித்தால் அது உடைகிறது, தேற்றமும் அதோடு போய்விடும். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இரட்டை விளிம்பாக்கிப் பாருங்கள். Δ = 4, ஆனால் ஆறு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடுவதால் ஆறு நிறம் வேண்டும். பல விளிம்புகள் உள்ள கோட்டுருக்களில் இதைவிட மோசமாகப் போகாது, Δ-வைப் போல் ஒன்றரை மடங்குக்குள் முடியும் என்று ஷானன் 1949-இலேயே காட்டிவிட்டார்.

அப்புறம், கேள்வி Δ-வா Δ+1-ஆ என்று சுருங்கிவிட்டதால் மீதி எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த கோட்டுருவில் எண்ணிப் பார்த்தாலே போதும்: பத்து விளிம்புகள், ஒரு நிறம் இரண்டுக்கு மேல் போக முடியாது, ஆகவே Δ நான்கு என்றாலும் ஐந்து நிறம் வேண்டும். பத்து முனைகளும் ஒவ்வொன்றிலும் மூன்று விளிம்புகளும் உள்ள பீட்டர்சன் கோட்டுருவில் அந்த எண்ணிக்கை உதவாது. பதினைந்து விளிம்புகள், ஒரு நிறத்துக்கு ஐந்து வரை போகலாம், கணக்கு மூன்று நிறத்துக்குச் சரியாக வருகிறது, ஆனாலும் நான்கு இல்லாமல் முடியாது. எல்லா முனையிலும் படி மூன்றாக உள்ள கோட்டுருக்களுக்குக்கூட மூன்றா நான்கா என்று தீர்மானிப்பது என்பி-முழுமையான சிக்கல், அதாவது விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் தெரியாத வகை, என்று ஹோலியர் 1981-இல் நிறுவினார். மேலே சொன்ன முறை நான்கு நிறத்தில் விரைவாக முடித்துக் கொடுக்கும், மூன்று போதுமா என்று மட்டும் சொல்லாது.