ஆண்டுக் கட்டணத்தை ரத்து செய்யச் சொல்லி வங்கியிடம் கேட்பது எப்படி?

கேள்வி: கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய் விழுந்திருக்கிறது. கேட்டால் ரத்து செய்வார்களா? எவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும்?

பதில்: கேட்டால் பெரும்பாலும் ரத்து செய்வார்கள். ஆனால் கையில் கணக்கை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ரத்துக்குத் தேவையான ஆண்டுச் செலவு வரம்பு, கட்டணத்தைப் பொறுத்து ஏறும். எஸ்பிஐ சிம்ப்ளிகிளிக் கார்டுக்கு 499 ரூபாய் கட்டணம், 1 லட்சம் செலவு. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டுக்கு 999 ரூபாய், 2 லட்சம். ஹெச்டிஎஃப்சி ரீகாலியா கோல்டுக்கு 2,500 ரூபாய், 4 லட்சம். இவை நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்தவை; வங்கிகள் மாற்றிக்கொண்டே இருப்பதால், உங்கள் கார்டின் விதிமுறைப் பக்கத்தில் இருப்பதையே நம்புங்கள்.

தொகையை விட அது எந்த ஆண்டுக்குரியது, எந்தச் செலவுகள் கணக்கில் சேரும் என்பவற்றில்தான் சிக்கல் வருகிறது. செலவைக் கணக்கிடும் ஆண்டு ஜனவரியிலோ ஏப்ரலிலோ தொடங்குவதில்லை. கார்டு வழங்கப்பட்ட தேதியிலிருந்து அடுத்த ஆண்டு அதே தேதிக்கு முந்தைய நாள் வரை ஓடுகிறது. வாலட்டில் போட்ட பணம், வீட்டு வாடகை, பெட்ரோல், ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம் ஆகியவற்றில் சிலவற்றையோ அனைத்தையுமோ பல கார்டுகள் சேர்ப்பதில்லை. வாங்கித் திருப்பிக் கொடுத்த பொருளின் தொகையும் கழிந்துவிடும். ஆகவே ஸ்டேட்மெண்டின் மொத்தத் தொகையைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை.

எனக்கும் 999 ரூபாய்க் கட்டணம், 2 லட்சம் வரம்பு கொண்ட கார்டுதான். பெட்ரோலையும் வாலட்டையும் நீக்கிவிட்டு, பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்டுகளையும் வரிவரியாகக் கூட்டியபோது 2,04,200 ரூபாய் வந்தது. ஆயினும் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,178.82 ரூபாய் விழுந்திருந்தது. வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசியவர், "சிஸ்டத்தில் தகுதி காட்டவில்லை சார்" என்று மட்டும் சொல்லி, அறுபது நாளில் இன்னொரு தொகையைச் செலவு செய்தால் திருப்பித் தருவதாகச் சலுகை பேசினார். தகுதி இருப்பவரிடம் சலுகை பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வங்கியின் கணக்கில் வரும் என் செலவுத் தொகை எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். 1,95,700 என்றார்.

வித்தியாசம் 8,500 ரூபாய். ஆண்டின் கடைசி நாளில் காருக்கு டயர் வாங்கிய தொகை சரியாக அதுவே. நான் கார்டைத் தேய்த்த தேதி ஆண்டுக்குள் இருந்தது. கணக்கில் பதிவான தேதி இரண்டு நாள் தள்ளி, புதிய ஆண்டுக்குள் போய்விட்டது. விதிமுறையில் "ஆண்டுக்குள் செய்த செலவு" என்றுதான் இருந்தது, பதிவான தேதியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதைச் சுட்டிக்காட்டி, ஸ்டேட்மெண்டின் அந்த ஒரு வரியை இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்கினேன். 999 ரூபாய் திரும்பி வந்தது, ஜிஎஸ்டி 179.82 ரூபாய் வரவில்லை. அதற்கும் எழுதிய பிறகுதான் அடுத்த ஸ்டேட்மெண்டில் வரவு வைத்தார்கள். நூற்றெண்பது ரூபாய்க்கு இத்தனை மெனக்கெடலா என்று சிலர் கேட்கலாம். கட்டணமே ரத்தான பிறகு அதன் மீதான வரியை மட்டும் நான் ஏன் சுமக்க வேண்டும்?

பேச்சு முடியும்வரை கட்டணத்தை மட்டும் பிடித்தம் செய்துகொண்டு மீதியைக் கட்டுவது ஆபத்தானது. பாக்கி சிறிதாக இருந்தாலும் வட்டியில்லாக் காலம் பறிபோய், புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கலாம். கடைசித் தேதிக்குள் ரத்தாகவில்லை என்றால் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பிறகு திரும்பி வரும் பணம் கார்டில் வரவாகவே நிற்கும்.

உங்கள் செலவு வரம்புக்குச் சற்றுக் குறைந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே உரிமை இல்லை, வேண்டுகோள்தான். கார்டை மூடப் போவதாகச் சொன்னால் அழைப்பைப் பெரும்பாலும் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள். எனக்கு முதலில் சொன்னதைப் போன்ற சலுகைகள் அங்கே கிடைக்கும். அந்தத் தொகை உங்கள் வழக்கமான வீட்டுச் செலவுக்குள் அடங்கினால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், அதையும் மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள். உண்மையிலேயே மூட முடிவெடுத்தால், பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு உத்தரவு. தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். தகுதி இருந்தும் மறுத்தால், எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்கள் வரை பாருங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.