கோள அலை: வீச்சு பாதியா, கால்பங்கா?

> "புள்ளி மூலத்திலிருந்து 1 மீட்டரில் வீச்சு A. 2 மீட்டரில் A/4 என்று போட்டேன், விடை A/2 என்கிறது. எப்படி?"

விடை சரிதான். 1/r² என்று குறைவது செறிவு, வீச்சு அல்ல. மூலம் வெளியிடும் திறன் P ஒவ்வொரு கோளப் பரப்பையும் (4πr²) முழுதாகக் கடக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் பரப்பு 4 மடங்கு, செறிவு கால்பங்கு. செறிவு வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பதால் வீச்சு பாதியாகிறது.

உங்கள் A/4-ஐச் சோதித்துப் பாருங்கள்: செறிவு 1/16, பரப்பு 4 மடங்கு, பெருக்கினால் P/4. மீதி முக்கால்பங்கு ஆற்றல் எங்கே போனது? ஊடகம் உறிஞ்சினால்தான் அப்படி ஆகும். கணக்கில் அது இல்லையே.

அப்புறம், அறைக்குள் ஒலியை அளந்தால் A/2 வராமல் போகலாம். சுவர் எதிரொலிப்பும் சேர்ந்துவிடும்.