நேர்காணலை ஏற்பாடு செய்தவருக்கு நான்கு வரி

அன்புள்ள அம்மா,
நேற்று ஒரு நேர்காணலுக்குப் போய்வந்தேன். கேள்வி கேட்ட மூவருக்கும் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நேரம் குறித்துக் கொடுத்த ஒருங்கிணைப்பாளருக்கும் எழுத வேண்டுமா? முடிவெடுப்பதில் அவருக்குப் பங்கில்லையே. காக்கா பிடிப்பதாக நினைத்துவிட மாட்டாரா?

அன்புள்ள தம்பி,

எழுதுங்கள், இன்றைக்கே. எழுத்துக்கு வருமுன் சில ஆண்டுகள் நான் அந்த வேலையில் இருந்தேன்.

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி, “வேறு நாள் கிடைக்குமா?” மீதிப் பாதி, “முடிவு என்ன ஆயிற்று?” ஒருமுறை காலை பத்து மணி நேர்காணலுக்கு ஒன்பதரைக்கு ஓர் அதிகாரி வரமுடியாது என்றார். மதியம் கேள்வி கேட்க வரவேண்டிய வேறோர் அதிகாரியைக் கெஞ்சி முன்னால் இழுத்தேன். அவருக்கு விண்ணப்பதாரரின் சுயவிவரத்தை அனுப்பி, அறையை மாற்றி, வரவேற்பறைக்கும் சொன்னேன். எல்லாம் சரியாக நடந்தால் இந்த வேலை வெளியே தெரியாது. பிசகினால் மட்டும்தான் தெரியும். அந்த விண்ணப்பதாரர் மாலையில் எழுதினார்: “கடைசி நேரத்தில் வரிசை மாறியும் நான் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. அதற்குப் பின்னால் உங்கள் உழைப்பு இருந்திருக்கும். நன்றி.” அவர் அதைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தக் கடிதத்தை அப்படியே மேலாளருக்கு அனுப்பினேன்.

அதனால் அவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். நேர்காணல் செய்தவர்கள் தரும் மதிப்பீட்டை அந்தக் கடிதம் மாற்றாது. ஆனால் மதிப்பீட்டுப் படிவங்களைத் துரத்தி வாங்குவதும், அடுத்த சுற்றுக்கு நேரம் பிடிப்பதும் ஒருங்கிணைப்பாளர்தான். “வெளியே உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?” என்று மேலாளர்கள் கேட்பதும் உண்டு. அப்போது சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது.

காக்கா பிடிப்பதாகத் தெரிவது எப்போது என்றால், கடிதத்தில் வேறொரு வேலை ஒளிந்திருக்கும்போது. “நன்றி, அப்புறம் முடிவு எப்போது?” என்று முடித்தால் முதல் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். அதைத் தனியே, பிறகு கேளுங்கள். மூவருக்கு அனுப்பியதையே பெயர் மாற்றி அனுப்பவும் வேண்டாம். “உங்களோடு பேசியதில் நிறையக் கற்றேன்” என்று எனக்கு வந்தால், நான் பேசியதே இரண்டு நிமிடம்தானே? பரிசு, இனிப்பு எதுவும் வேண்டாம். வாங்கிக்கொள்ளப் பல நிறுவனங்களில் விதி இடம் தராது, அவருக்குத்தான் சங்கடம்.

அவர் நேரம் குறித்து அனுப்பிய மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள். யார் என்று தேடவேண்டியிருக்காது. இப்படிப் போதும்: “நேற்றைய நேர்காணலை ஏற்பாடு செய்ததற்கு நன்றி. எந்த வாயிலில் வரவேண்டும், யாரைச் சந்திக்கப்போகிறேன் என்று முன்பே எழுதியிருந்தீர்கள். பதற்றமில்லாமல் வரமுடிந்தது. வரவேற்பறையில் இருந்தவருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.” வாயில் பற்றி அவர் எழுதவில்லை என்றால், உண்மையில் உங்களுக்கு உதவியது எதுவோ அதை எழுதுங்கள்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வரவேற்பறையில் இருப்பவரின் முகவரி நம்மிடம் இருக்காது. நான் அப்படி வந்த வரிகளை எழுந்துபோய் அவரிடமே வாசித்துக் காட்டியிருக்கிறேன்.