உள்நுழைவுப் பக்கத்தைத் தட்டும் பொட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேர்ட்பிரஸ் இணையத்தளங்களில் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் பொட் நிரல்களைப் பற்றியவை. எதை மாற்றுவதற்கு முன்பும் ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கிறதா, அதன் கோப்பு முகாமையாளரைத் திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பல முறை எழுதியிருக்கிறேன், கீழேயும் எழுதுவேன்.

எத்தனை தவறான முயற்சிகளுக்குப் பின் பூட்ட வேண்டும்? எங்கள் சங்கத்தில் வயதானவர்களும் உள்நுழைகிறார்கள். (முல்லைத்தீவு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்)

நான்கு முயற்சிகள், 20 நிமிடப் பூட்டு, நான்காவது பூட்டில் 24 மணிநேரம் என்பதே Limit Login Attempts Reloaded சொருகியில் ஏற்கெனவே இருக்கும் அமைப்பு. அதை மாற்ற வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் ஓர் ஐ.பி. முகவரியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 ஊகங்களுக்கு மேல் செய்ய முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான கணினிகளைக் கையில் வைத்திருப்பவர் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று முறை மட்டும் முயன்றால் பூட்டு விழவே விழாது. ஆகவே நீளமான கடவுச்சொல்லுக்கு இது மாற்றாகாது.

உள்நுழைவு முகவரியை மாற்றிவிட்டோம். ஆயினும் பூட்டு விழுந்ததாக நாள்தோறும் மின்னஞ்சல் வருகிறது. புதிய முகவரி கசிந்துவிட்டதா? (கிளிநொச்சி, பழைய மாணவர் சங்கம்)

கசியவில்லை. நீங்கள் முன்கதவை மறைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தபடி விட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு விடயத்தைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. முகவரியை மாற்றும் சொருகியைப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

WPS Hide Login போன்ற சொருகிகள் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றுவதில்லை. `wp-login.php` என்று கேட்டு வருபவருக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற 404 பதிலைக் கொடுத்துவிட்டு, நீங்கள் தெரிவு செய்த முகவரியில் படிவத்தைக் காட்டுகின்றன. பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தளம் தளமாகத் தட்டும் பொட்டுக்கு 404 கிடைத்தால், பெரும்பாலும் அது அடுத்த தளத்துக்குப் போய்விடும். அதுவரை நன்று. ஆனால் வேர்ட்பிரஸில் `xmlrpc.php` என்று இன்னொரு வாசல் உண்டு. வெளிச் செயலிகள் தளத்துடன் பேசுவதற்காக வைக்கப்பட்டது. அதுவும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிச் சரிபார்க்கிறது, முகவரி மாற்றும் சொருகி அதைத் தொடுவதும் இல்லை. 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்புக்கு முன்னர் ஒரே கோரிக்கையில் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களை அடுக்கி அனுப்பவும் அதனூடாக முடிந்தது. அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. கோரிக்கைக்கு ஒரு கடவுச்சொல்லாக முயல்வது இன்றும் நடக்கிறது.

நீங்கள் முதலில் பூட்டுப் பதிவேட்டில் Gateway என்ற நெடுவரிசையைப் பாருங்கள். முயற்சி எவ்வழியாக வந்தது என்பது அங்கே தெரியும். பின்னர் ஹோஸ்டிங் பலகையிலிருந்து அணுகல் பதிவை இறக்கிப் பாருங்கள். உங்களுடைய நிலையில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
"POST /wp-login.php HTTP/1.1" 404
"POST /xmlrpc.php HTTP/1.1" 200
"POST /xmlrpc.php HTTP/1.1" 200
```

இங்கே 200 என்பதைக் கண்டு யாரோ நுழைந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். தவறான கடவுச்சொல்லுக்கும் அந்த வாசல் 200 என்றே பதில் தரும். முகவரி மாற்றப்படாத தளமொன்றில் `wp-login.php` வரிக்கு எதிரே 302 வந்து, அந்த நேரத்தில் உங்களில் எவரும் உள்நுழையவில்லை என்றால்தான் உண்மையாக அஞ்ச வேண்டும். தவறிய முயற்சிக்கு அங்கே 200 வரும், வெற்றி பெற்ற முயற்சிக்கு 302 வரும்.

அடைப்பது எளிது. அப்பாச்சி சேர்வராக இருந்தால் `.htaccess` கோப்பில் இந்த மூன்று வரிகளைச் சேருங்கள்:

```
<Files xmlrpc.php>
Require all denied
</Files>
```

`# BEGIN WordPress` என்பதற்கும் `# END WordPress` என்பதற்கும் இடையில் இவற்றை எழுதாதீர்கள். அந்தப் பகுதியை வேர்ட்பிரஸ் தானே திருத்தி எழுதிக்கொள்ளும், உங்கள் வரிகள் ஒருநாள் காணாமற்போகும். சேர்த்த பின் பதிவில் 200 இருந்த இடத்தில் 403 வர வேண்டும். தளம் முழுவதும் 500 என்ற பிழையைக் காட்டினால், கோப்பு முகாமையாளர் வழியாக அந்த வரிகளை உடனே நீக்கிவிட்டு ஹோஸ்டிங் தருபவரிடம் கேளுங்கள். Jetpack பயன்படுத்துபவர்கள் இதைச் செய்யக் கூடாது. அது இந்த வாசல் வழியாகவே பேசுகிறது. அவர்களுக்கு முயற்சிக் கட்டுப்பாடும் நீளமான கடவுச்சொல்லும் அரண்.

என் தளம் திறக்கவில்லை. அவசரமாக உதவுங்கள். (மாங்குளம்)

எந்தச் சொருகியை இட்டீர்கள், என்ன செய்தி திரையில் வருகிறது, தளமே திறக்கவில்லையா, உள்நுழைவுப் பக்கம் மட்டுமா என்று எதையும் எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் நான் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. நீங்களே பூட்டுப்பட்டிருந்தாலோ புதிய முகவரியை மறந்திருந்தாலோ, கோப்பு முகாமையாளரில் `wp-content/plugins` கோப்புறைக்குள் சென்று அந்தச் சொருகியின் கோப்புறைப் பெயரோடு ஓர் எழுத்தைச் சேருங்கள். சொருகி செயலிழக்கும், பழைய `wp-login.php` திரும்ப வரும். உள்நுழைந்த பின் பெயரைப் பழையபடி ஆக்கிச் சொருகியை மீண்டும் இயக்குங்கள். ஹோஸ்டிங் கடவுச்சொல் தளத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவரிடம்தான் இருக்கிறது என்றால், இந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது. அதனால்தான் முதலில் அதைப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

பாடசாலைக் கணினிக் கூடத்தில் ஓர் ஆசிரியர் தவறாகத் தட்டினால் எல்லா ஆசிரியர்களும் பூட்டுப்படுகிறார்கள். (வவுனியா)

கூடத்தின் கணினிகள் அனைத்தும் ஒரே ரவுட்டர் வழியாக வெளியே போவதால் தளத்துக்கு அவை யாவும் ஒரே ஐ.பி. முகவரியாகத் தெரிகின்றன; பூட்டு விழுவது அந்த முகவரியின் மேல். கூடத்துக்கு நிலையான முகவரி இருக்குமானால் அதை மட்டும் விலக்குப் பட்டியலில் இடலாம். கைத்தொலைபேசி டேட்டா வழியாக வருபவர்கள் தங்கள் முகவரியை அப்பட்டியலில் இடக் கூடாது. தொலைபேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, இன்று உங்களிடம் இருப்பது நாளை வேறொருவரிடம் இருக்கும். பதிவேட்டில் எங்கிருந்து வந்தவர்களும் ஒரே முகவரியாகத் தெரிந்தால் காரணம் வேறு: தளத்துக்கு முன்னால் Cloudflare போன்ற இடைச் சேவை இருக்கிறது, உண்மையான முகவரியை அதன் தலைப்பிலிருந்து எடுக்கும்படி சொருகியில் அமைக்கவில்லை. இடைச் சேவை இல்லாத தளத்தில் அந்த அமைப்பைத் தொடாதீர்கள். தாக்குபவர் தனக்கு விருப்பமான முகவரியைத் தானே எழுதி அனுப்பிப் பூட்டைத் தாண்டிவிடுவார்.

"admin" என்ற பயனர்பெயரை மாற்ற முடியவில்லையே? (புதுக்குடியிருப்பு)

வேர்ட்பிரஸ் பலகையில் அதை மாற்ற வழியில்லை. புதிய நிர்வாகி ஒருவரை உருவாக்கி, அவராக உள்நுழைந்து, பழையவரை நீக்குங்கள். நீக்கும்போது அவருடைய பதிவுகளைப் புதியவருக்கு மாற்றும் தெரிவைக் கட்டாயம் எடுங்கள், இல்லாவிட்டால் அவையும் அழிந்துவிடும். 2013 ஏப்ரலில் உலகெங்கும் வேர்ட்பிரஸ் தளங்களைத் தாக்கிய பொட் கூட்டம் குறிவைத்தது இந்தப் பெயரைத்தான். ஆயினும் புதிய பெயரை இரகசியம் என்று எண்ண வேண்டாம். தள முகவரியின் பின்னே `/?author=1` என்று தட்டினால் பல தளங்கள் பயனர்பெயரைத் தாமே காட்டிவிடும். எண்ணை மாற்றி மாற்றி உங்கள் தளத்திலும் பாருங்கள்.

புதிய உள்நுழைவு முகவரிக்கு என்ன பெயர் வைக்கலாம்? (மல்லாவி)

`login`, `signin`, `dashboard`, ஊரின் பெயர், சங்கத்தின் பெயர் ஆகியவை வேண்டாம். தொடர்பில்லாத இரண்டு சொற்களை இணைத்து வையுங்கள். அதைத் தளத்தின் மெனுவில் இணைப்பாகப் போடாதீர்கள், `robots.txt` கோப்பிலும் எழுதாதீர்கள். அந்தக் கோப்பை எவரும் திறந்து படிக்கலாம்.