அசல் நீர்வண்ண ஓவியத்துக்கும் அதன் அச்சுக்கும் விற்பனைக் குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் லயத்து வீடுகளையும் நீர்வண்ணத்தில் வரைந்தேன். அசல் ஒன்று, அச்சு 30. இணையத்தில் விற்கிறேன். ஒருவர் வாங்கிவிட்டு, "நிறம் படத்தில் பார்த்த மாதிரி இல்லை, இன்னும் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன்" என்கிறார். குறிப்பில் என்னென்ன எழுதினால் இப்படி வராது?

பதில்:

முதலில் அசலுக்கு ஒரு குறிப்பு, அச்சுக்கு ஒரு குறிப்பு என்று பிரித்துவிடுங்கள். ஒரே பதிவில் இரண்டு விலையைப் போட்டால், அசலைப் பற்றிச் சொன்னதை எல்லாம் படிப்பவர் அச்சுக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். "நீர்வண்ணம், பருத்தித் தாள்" என்பது அசலுக்கு மட்டுமே பொருந்தும். அச்சில் ஒரு சொட்டு நீர்வண்ணம்கூட இல்லை. அது உங்கள் ஓவியத்தை ஸ்கேன் செய்தோ படம் பிடித்தோ இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த நகல். அப்படியே எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை. லினோவிலோ மரத்திலோ செதுக்கி, மை பூசி, கையால் எடுக்கும் அச்சு வேறு வகை. அங்கே ஒவ்வொரு தாளும் மூலப் படைப்பாகவே கருதப்படும். உங்களுடையது அந்த வகை அல்ல என்பதால் "ஒரிஜினல் பிரிண்ட்" என்ற சொல்லைத் தவிர்ப்பதே நல்லது.

அச்சின் ஊடகத்தைச் சொல்லும்போது, தரமான இங்க்ஜெட் அச்சுக்கு வழங்கும் "ஜிக்லே" என்ற பெயரை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது மை எந்த வகை என்பதுதான். நிறமி மை, அதாவது பிக்மெண்ட் இங்க், வெளிச்சத்தை நெடுநாள் தாங்கும். சாய மை சீக்கிரம் வெளுக்கும், ஈரம் பட்டால் பல தாள்களில் பரவவும் செய்யும். பட்டணத்து நகல் கடைகளில் ஆர்ட் கார்டில் எடுத்துத் தருவது பெரும்பாலும் லேசர் அச்சு. அது இவை இரண்டிலும் சேராது. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அச்சடித்தால், மை வகையையும் தாளின் பெயரையும் எடையையும் கடையில் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பில் வரவேண்டிய வரி இது: "நிறமி மை இங்க்ஜெட் அச்சு, 310 ஜிஎஸ்எம் மேட் பருத்தித் தாள்."

தாளைப் பற்றி மூன்று செய்தி போதும்: எதனால் ஆனது, எவ்வளவு கனம், மேற்பரப்பு எப்படி. அசலுக்கு "100 விழுக்காடு பருத்தி, 300 ஜிஎஸ்எம், கோல்ட் பிரஸ்" என்றால் விவரம் தெரிந்தவர் தாளைக் கையில் பிடித்த மாதிரியே புரிந்துகொள்வார். மற்றவர்களுக்காக, "தொட்டால் இலேசான சொரசொரப்பு தெரியும்" என்று சேர்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒரு கிட்டப் படமும் போடுங்கள். தாளில் வெண்மையூட்டி கலந்திருக்கிறதா என்றும் கடையில் கேளுங்கள். வெண்மையூட்டி கலந்த தாள் பகலில் நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரியும். வருடக் கணக்கில் வெளிச்சம் பட்டால் அந்த வெண்மை குறைந்து தாளின் சொந்த நிறம் மேலே வரும்.

இனி அளவு. உங்களிடம் வாங்கியவருக்கு ஏமாற்றம் வந்தது பெரும்பாலும் இங்கேதான். ஒரு ஓவியத்துக்கு மூன்று அளவு உண்டு: வரைந்த பரப்பு, தாள், சட்டத்தின் வெளிப்பக்கம். நீங்கள் ஒன்றை மட்டும் கொடுத்தால், படிப்பவர் அதை வரைந்த பரப்பு என்றே எடுத்துக்கொள்வார். முழு இம்பீரியல் தாளைக் காலாக வெட்டினால் 28 × 38 செ.மீ. வரும். சுற்றிலும் 2 செ.மீ. வெள்ளை விட்டிருந்தால் ஓவியம் 24 × 34. ஓவியத்தைச் சுற்றி வரும் மவுண்ட் அட்டையின் சன்னலை 25 × 35 ஆக வெட்டி, நாலு பக்கமும் 6 செ.மீ. அட்டை விட்டால் 37 × 47. அதன்மேல் 2 செ.மீ. அகலச் சட்டம், அட்டை விளிம்பை அரை செ.மீ. மூடி உட்கார்ந்தால் வெளியளவு 40 × 50. சட்டம் போட்டது 40 × 50, ஓவியம் 24 × 34. பரப்பைக் கணக்குப் பார்த்தால் ஓவியம் அதில் பாதிகூட இல்லை! மூன்றையும் எழுதுங்கள். ஓவிய உலகில் உயரம் முதலில், அகலம் பின்னால் என்பதே வழக்கம். சட்டக் கடையில் சில நேரம் மாற்றிச் சொல்வார்கள், அதனால் "உயரம் × அகலம்" என்று குறித்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது மரத்தின் நிறத்தைவிட உள்ளே இருப்பதுதான் முக்கியம். நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் ஓயாமல் விரிந்து சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் அலை அலையாக எழும்பும். கண்ணாடியில் நேராகப் படிந்தால் பூஞ்சை பிடித்து, சில நேரம் கண்ணாடியோடே ஒட்டிக்கொள்ளும். செலோடேப் மஞ்சள் கறையாகும். பின்னால் வைக்கும் பிளைவுட்டின் அமிலமும் காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கும். ஆகவே குறிப்பில் இருக்க வேண்டியவை: அமிலமற்ற மவுண்ட் அட்டையா, மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட்டதா, பின்னட்டை என்ன, முன்னால் கண்ணாடியா அக்ரிலிக்கா. தபாலில் போகும் சட்டத்துக்கு அக்ரிலிக் பாதுகாப்பு, உடைந்து ஓவியத்தைக் கிழிக்காது. ஆனால் எளிதில் கீறல் விழும், உலர்துணியால் துடைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சட்டம் இல்லாமல் விற்கும் அச்சுக்கு "சட்டம் சேராது" என்பது முதல் வரியிலேயே வரட்டும். சட்டத்தோடு சுவரில் மாட்டிய படத்தைப் போட்டுவிட்டு, சட்டம் இல்லை என்று கடைசி வரியில் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பிரதிகளின் எண்ணிக்கை ஒரு வாக்கு. 7/30 என்றால் மொத்தம் 30, இது ஏழாவது. ஓவியர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகள், வழக்கமாகப் பத்தில் ஒரு பங்குக்குள், இதற்கு வெளியே வரும். மூன்று வைத்திருந்தால் "30, கூடுதலாக ஓவியர் பிரதி 3" என்று சொல்லுங்கள். அடுத்து பலரும் விட்டுவிடும் ஒன்று: இந்த 30 எதற்குப் பொருந்தும்? இன்று ஏ3 தாளில் 30 விற்றுவிட்டு, அடுத்த வருடம் அதே கோயிலை ஏ2-வில் இன்னொரு 50 எடுத்தால் முதலில் வாங்கியவர் கோபப்படுவார், அதில் நியாயமும் இருக்கிறது. "எல்லா அளவும் சேர்த்து 30 மட்டுமே" அல்லது "இந்த அளவில் 30, வேறு அளவு பின்னர் வரலாம்" என்று இப்போதே முடிவு செய்து எழுதுங்கள். வாழ்த்து அட்டையாகப் போடும் எண்ணம் இருந்தால் அதையும் சேருங்கள். முப்பதையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் ஆர்டர் வரவர எடுப்பதாக இருந்தால், ஒப்புதல் கொடுத்த முதல் பிரதியை இருட்டில், தட்டையாக வைத்திருங்கள். பின்னால் வருவதை எல்லாம் அதோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். படத்துக்குக் கீழே இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து, மூன்றும் பென்சிலில். அந்த ஓரத்தின் கிட்டப் படம் ஒன்றும் பதிவில் இருக்கட்டும்.

இப்போது நிறம். "திரைக்குத் திரை நிறம் சற்று மாறலாம்" என்ற வரியை எல்லாரும் போடுகிறார்கள், அதனால் யாருக்கும் பயனில்லை. எந்த நிறம், எந்தப் பக்கம் மாறும் என்று சொன்னால்தான் அது தகவல்.

உங்கள் ஓவியத்தில் கவனிக்க வேண்டியது கோபுரத்தின் பச்சை நீலம். தாலோ வகை நிறமியில் தீட்டியிருந்தால், அதன் பளிச்சிடும் பகுதி சாதாரணத் திரை காட்டும் sRGB என்ற நிற எல்லைக்குள் அடங்காது. கோப்பை sRGB ஆக்கும்போது அந்தப் பகுதி வெட்டுப்பட்டு, மங்கலாகவோ நீலம் கூடியோ நிற்கும். அதாவது அசல் திரையைவிடப் பளிச்சென்று இருக்கும். செம்மண் சாலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரும்பு ஆக்சைடு சிவப்புகள் திரையில் நன்றாகவே அடங்கும். ஆனால் வாங்குபவர் வீட்டில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு எரிந்தால் செம்மண் இன்னும் சிவந்தும், தாளின் வெள்ளை மஞ்சள் பாய்ந்தும், கோபுரம் பச்சைப் பக்கம் சாய்ந்தும் தெரியும். மூன்றாவது, கித்தா மரங்களுக்கு அடியில் இருக்கும் நிழல். திரை தானே ஒளி விடுகிறது, அதன் கறுப்பு ஆழமானது. மேட் தாளில் அவ்வளவு கறுப்பு வராது. ஆகவே அச்சில் நிழல் சற்று வெளிறிய சாம்பல் பச்சையாகத் தெரியும். கைப்பேசியின் "விவிட்" நிறமும், இரவில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பும் இதற்கு மேல்.

சரிபார்க்க இப்படிச் செய்யுங்கள். காலை பத்து மணிபோல, வெயில் நேராக விழாத ஐந்தடி நடைபாதையில் அசலையும் அச்சையும் வையுங்கள். டியூப் விளக்கை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒன்றும் சரியாகத் தெரியாது. கைப்பேசியில் விவிடையும் இரவு அமைப்பையும் நிறுத்தி, வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, அது தாளின் வெள்ளை ஓரம் அளவுக்குத் தெரியும்வரை திரை ஒளியைக் கூட்டிக் குறையுங்கள். பிறகு உங்கள் பதிவைத் திறந்து கோபுரம், செம்மண், நிழல் மூன்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கண்ணில் பட்டதை எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொரு கைப்பேசியிலும் பாருங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் விலகும் நிறம்தான் குறிப்பில் வர வேண்டும்.

படம் பிடிக்கும்போதும் இதே ஐந்தடி நிழல் போதும். ஆனால் நிழலில் வரும் வான வெளிச்சம் நீலம் பாய்ந்தது, அதனால் சாம்பல் அட்டை ஒன்றை ஓவியத்தின் ஓரத்தில் வைத்து அதைக்கொண்டு வெள்ளையைச் சரிசெய்யுங்கள். இணையத்துக்கு sRGB கோப்பு. அச்சுக் கடைக்கு, அவர்கள் ஏற்றுக்கொண்டால், நிற எல்லை இன்னும் அகன்ற Adobe RGB கோப்பு. கோபுர நிறத்தில் வெட்டுப்படும் பகுதி அதில் குறையும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்: Adobe RGB கோப்பு அப்படியே இணையத்தில் ஏறி, நிற விவரம் கழன்றுவிட்டால் படம் முழுதும் மங்கித் தெரியும்.

எல்லாம் சேர்ந்தால் அச்சின் குறிப்பு இப்படி அமையும். நிறத்தைப் பற்றிய வரிகளை நீங்கள் ஐந்தடியில் கண்டதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

> நீர்வண்ண ஓவியத்தின் அச்சுப் பிரதி. சட்டம் சேராது. நிறமி மை இங்க்ஜெட், 310 ஜிஎஸ்எம் மேட் பருத்தித் தாள். படம் 24 × 34 செ.மீ. (உயரம் × அகலம்), அசலின் அதே அளவு. தாள் 29.7 × 42 செ.மீ. எல்லா அளவும் சேர்த்து 30 பிரதிகள், கூடுதலாக ஓவியர் பிரதி 3. பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் உண்டு. பகல் வெளிச்சத்தில் கோபுரம் திரையில் தெரிவதைவிடச் சற்றுப் பச்சையாக இருக்கும். மரநிழல் திரையில் உள்ள அளவு கறுப்பாக இருக்காது. செம்மண் நிறம் கிட்டத்தட்ட அப்படியே. மஞ்சள் விளக்கில் எல்லாமே சூடாகத் தெரியும்.

இதைப் படித்த பிறகும் நிறத்துக்காகத் தயங்குபவர் இருப்பார். அச்சடிக்கும்போதே அதே தாளில் கோபுரமும் நிழலும் வரும் பகுதியை 5 செ.மீ. அகலத் துண்டுகளாகச் சில எடுத்து, பின்னால் "மாதிரி" என்று எழுதி வையுங்கள். கேட்பவருக்குக் கெட்டி அட்டை வைத்துக் கடித உறையில் அனுப்பினால், தன் வீட்டு விளக்கிலேயே பார்த்து முடிவு செய்துகொள்வார்.